மஸ்காராவை எப்போது தூக்கிப் போடுவது, இமை சீரத்தை நம்பலாமா?

புது மஸ்காரா வாங்கியதும் மூடியைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சின்னதாக ஒரு துண்டு வெள்ளை டேப்பை வெட்டிக் குழாயின் மேல் ஒட்டுங்கள். முதல் முறை திறக்கும் தேதியையும், அதிலிருந்து மூன்று மாதம் தள்ளி வரும் தேதியையும் அதில் பேனாவால் எழுதுங்கள். ஜூன் 5 அன்று திறந்தால் செப்டம்பர் 5 அன்று குப்பைக்கு. பாதிக்கு மேல் மீதி இருந்தாலும் அப்படித்தான்.

பெட்டியில் அச்சடித்த காலாவதித் தேதி திறக்காத குழாய்க்கு மட்டும்தான் பொருந்தும். திறந்த பிறகு அது வெறும் எண். சில குழாய்களில் மூடி திறந்த டப்பா போல ஒரு சின்னப் படம் இருக்கும், அதற்குள் 6 என்றோ 12 என்றோ போட்டிருக்கும். திறந்த பின் எத்தனை மாதம் என்று தயாரித்தவர் சொல்லும் கணக்கு அது. கண் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது மூன்று மாதம். இரண்டில் எது குறைவோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற மேக்கப் சாமானுக்கு இல்லாத கெடுபிடி மஸ்காராவுக்கு மட்டும் ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால் மீதி விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இமை விளிம்பில் நம் எல்லோருக்குமே பாக்டீரியா உண்டு, தோலில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைதான் அதிகம். அங்கே இருக்கும்வரை அவை பெரும்பாலும் தொல்லை கொடுப்பதில்லை. தினமும் காலையில் பிரஷ் இமைமுடியைத் தொட்டு, அங்கிருந்து கொஞ்சம் கிருமியையும் தோல் செதிலையும் எண்ணெயையும் வாரிக்கொண்டு மறுபடி குழாய்க்குள் போகிறது. குழாய்க்குள் இருட்டு, ஈரம், இதமான வெப்பம். இட்லி மாவு புளிக்க இதைவிட வசதி வேண்டாம். இதைத் தடுக்கத்தான் தயாரிப்பாளர் பதனப் பொருள் சேர்க்கிறார். ஆனால் அது தீராத படை இல்லை. 90 நாள் 90 முறை புதுக் கிருமி உள்ளே போகும்போது அதன் பலம் குறைந்துகொண்டே வரும்.

பவுடர் ஐஷேடோவில் தண்ணீர் இல்லாததால் கிருமி அவ்வளவு எளிதாகப் பெருகாது. லிப்ஸ்டிக்கில் மெழுகும் எண்ணெயும்தான் அதிகம். சாதாரண மஸ்காராவில் தண்ணீர் கணிசம், அதோடு பிரஷ் தினமும் கண்ணுக்குப் போய்த் திரும்புகிறது. வாட்டர்ப்ரூஃப் வகையில் தண்ணீர் குறைவு என்பதால் கிருமி சற்று மெதுவாகப் பெருகலாம். ஆனால் அதை எடுக்க இமையை அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கிறது, அந்தத் தேய்ப்பில் இமைமுடி உதிர்கிறது. தினசரிக்குச் சாதாரண வகை, கல்யாணம் காட்சிக்கு வாட்டர்ப்ரூஃப் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

குழாயை நாமே கெடுக்கும் வழிகள்

முதலாவது, பம்ப் அடிப்பது. பிரஷை மேலும் கீழும் இழுத்துக் குத்தினால் மஸ்காரா நிறைய ஒட்டும் என்று நினைக்கிறோம். நடப்பது வேறு. ஒவ்வொரு குத்துக்கும் காற்று உள்ளே போய் மை சீக்கிரம் காய்கிறது. பிரஷை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, வாயில் இருக்கும் வளையத்தில் வழித்தபடி மெதுவாக வெளியே எடுத்தால் போதும்.

இரண்டாவது, காய்ந்த மஸ்காராவுக்கு உயிர் கொடுப்பது. இரண்டு சொட்டுத் தண்ணீர், கொஞ்சம் எச்சில், லென்ஸ் கழுவும் திரவம் என்று ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருக்கிறோம். தண்ணீர் சேர்த்தால் மீதமிருக்கும் பதனப் பொருள் நீர்த்துப் போகிறது. குழாய்த் தண்ணீரோடு சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாவும் வரலாம். அது ஈரத்தில் நன்றாக வாழும், கருவிழியில் கீறல் இருந்தால் மிக வேகமாகப் புண்ணாக்கும். எச்சிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வாய் நிறையக் கிருமிதான். குழாயை மூடியபடி வெந்நீரில் வைப்பதில் புதுக் கிருமி சேராது. ஆனால் அது மையை இளக்குமே தவிர, உள்ளே இருப்பதைக் கொல்லாது. மூன்று மாதத்துக்குள்ளேயே காய்ந்துவிட்டால் அதன் ஆயுள் அவ்வளவுதான்.

மூன்றாவது, பகிர்ந்துகொள்வது. மடிவாளா, பி.டி.எம். லேஅவுட் பக்கம் பிஜியில் ஓர் அறைக்கு மூன்று பேர் தங்கும்போது ஷாம்பூ, சார்ஜர் எல்லாம் பொதுவாகிவிடும். மஸ்காராவும் கண்மையும் மட்டும் ஆகக் கூடாது. மெட்ராஸ் ஐ என்று பெங்களூரிலும் நாம் சொல்லும் அந்தக் கண்ணோய் பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. கை, துண்டு, தலையணை உறை வழியாகத் தாவும் அதற்கு ஒரே பிரஷ் என்பது இன்னும் நேர்வழி. 2023 ஜூலை, ஆகஸ்டில் பெங்களூரும் டெல்லியும் உட்பட நாட்டின் பல நகரங்களில் அது பரவியபோது, வீட்டில் ஒருவருக்கு வந்தால் அடுத்தவருக்கு வராமல் இருந்ததே அதிசயம்.

கடையில் வைத்திருக்கும் டெஸ்டரும் இதே கதைதான். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் நிறம் பார்க்க வேண்டுமென்றால் புறங்கையில் பாருங்கள், இமையில் வேண்டாம். கல்யாண மேக்கப்புக்கு ஆள் அமர்த்தும்போது முன்கூட்டியே ஒரு கேள்வி கேளுங்கள்: மஸ்காராவுக்கு ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிரஷ் வைத்திருக்கிறீர்களா? நல்ல கலைஞர் இமையைத் தொட்ட பிரஷை மறுபடி குழாய்க்குள் விட மாட்டார், இரண்டாம் பூச்சுக்குப் புதிது எடுப்பார். கேட்கக் கூச்சமாக இருந்தால் உங்கள் மஸ்காராவையே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

வாங்கும்போதே சின்னக் குழாயாக வாங்குவது மலிவான தீர்வு. முழு அளவுக் குழாய் பெரும்பாலும் 8 முதல் 10 மி.லி. வரை இருக்கும், ஒருவர் மூன்று மாதத்தில் அதை முடிப்பது கடினம். 3, 4 மி.லி. மினி குழாய் சரியாக இருக்கும். தூக்கிப் போட மனசு வராததுதான் பழைய மஸ்காரா தங்கிவிடுவதற்குப் பாதிக் காரணம்.

வாடை மாறினாலோ, நூல் நூலாக இழுத்தாலோ, திரித்திரியாக ஒட்டினாலோ தேதி வருவதற்குள்ளேயே எறியுங்கள். ஆனால் வாடை மாறவில்லை என்பதால் சுத்தமாக இருக்கிறது என்று கணக்குப் போடாதீர்கள். மூக்குக்குத் தெரியும் முன்பே கிருமி பெருகிவிடும்.

பூசும் இடமும் முக்கியம்

ஓடும் வண்டியில் மஸ்காரா பூசக் கூடாது. ஆபீஸ் கேபில் சில்க் போர்டு சிக்னலில் வண்டி நிற்கிறதே என்று பிரஷை எடுத்தால், அது எப்போது நகரும் என்பது ஓட்டுநருக்கே தெரியாது. பிரஷ் முனை கருவிழியில் ஒரு கீறல் போட்டால் அது வெறும் கீறலோடு நிற்பதில்லை. பிரஷில் இருந்த கிருமி நேராகத் திறந்த காயத்துக்குள் போகிறது. மஸ்காராவால் வரும் தொல்லைகளில் பார்வையையே பறிக்கக் கூடியது இதுதான். மற்றவை பெரும்பாலும் இமையோடு நின்றுவிடும்.

கீறிவிட்டது போலத் தோன்றினால் கண்ணைத் தேய்க்காதீர்கள். லென்ஸ் போட்டிருந்தால் கை கழுவிவிட்டு எடுத்துவிடுங்கள். உறுத்தல் சில மணி நேரத்தில் குறையாமல் வலியாக மாறினாலோ, வெளிச்சம் பட்டால் கண் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்பதற்கு இங்கே இடமில்லை, சூடோமோனாஸ் புண் ஒன்றிரண்டு நாளில் பெரிதாகிவிடும். பெங்களூரில் இதற்கென்றே உள்ள அரசு மருத்துவமனை சாமராஜப்பேட்டையில் இருக்கும் மிண்டோ கண் மருத்துவமனை. போகும்போது அந்த மஸ்காராவையும் பையில் எடுத்துப் போங்கள், மருத்துவர் கேட்கலாம்.

மருந்துக் கடையில் "கண் சிவந்திருக்கு, ஒரு சொட்டு மருந்து கொடுங்க" என்று கேட்டு வாங்குவதுதான் பெரிய ஆபத்து. அப்படிக் கிடைக்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். சிவப்பு சட்டென்று குறையும், சரியாகிவிட்டது என்று நினைப்போம். பூஞ்சையோ ஹெர்பிஸ் வைரஸோ இருந்தால் அடியில் புண் ஆழமாகிக்கொண்டே போகும். பன்னீர், தாய்ப்பால், தேன் எதையும் விடாதீர்கள்.

இமை சீரம்: பெயரைப் படித்தால் பாதி விடை

இமைமுடி வளர்க்கும் சீரம் என்று விற்பவை எல்லாம் ஒரே சாமான் இல்லை. மூன்று வகை இருக்கிறது.

முதல் வகை மருந்து. பெயர் பிமாட்டோபிராஸ்ட், 0.03 சதவீதம். இது முதலில் கண் நீர் அழுத்தத்துக்கான சொட்டு மருந்து. அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு இமைமுடி நீளமாகவும் அடர்த்தியாகவும் வளர்ந்ததைக் கவனித்துத்தான் இமைக்கென்றே சோதித்தார்கள். 2008 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதை இமைமுடிக்காக அனுமதித்தது. அதற்கான சோதனையில் 278 பேர் இருந்தார்கள். 16 வாரம் கழித்து, மருந்து பூசியவர்களில் சுமார் 78 சதவீதம் பேருக்குத் தெளிவாக முன்னேற்றம். மருந்தில்லாத திரவம் பூசியவர்களில் சுமார் 18 சதவீதம் பேருக்கு. ஆக, வேலை செய்கிறது. ஒவ்வொரு இமைமுடிக்கும் வளரும் காலம், ஓய்வுக் காலம் என்று சுழற்சி உண்டு. இந்த மருந்து வளரும் காலத்தை நீட்டுகிறது, அதனால்தான் பலன் தெரிய இரண்டு மாதம் ஆகிறது. நிறுத்தினால் சில வாரம் முதல் சில மாதத்துக்குள் இமை பழையபடி ஆகிவிடும்.

இரண்டாம் வகை, மருந்து என்று சொல்லாமல் அழகுசாதனமாக விற்கப்படுபவை, ஆனால் உள்ளே அதே குடும்பத்தைச் சேர்ந்த பொருள் இருக்கும். ஐசோப்ரோபைல் குளோப்ரோஸ்டினேட் அதில் அடிக்கடி காண்பது. "இது வெறும் சீரம்தான், டாக்டர் சீட்டு வேண்டாம்" என்று விற்கப்படுவதில் நிஜமாகவே பலன் தெரிந்தால் இந்தக் குடும்பமோ என்று சந்தேகப்படுங்கள். பலன் இருந்தால் பக்கவிளைவும் அதே வகையில்தான் இருக்கும். கண்டுபிடிப்பது எளிது. ஆன்லைனில் பொருள் பட்டியலைத் திறந்து, தேடு பெட்டியில் `prost` என்று தட்டுங்கள். எந்தப் பெயரிலாவது அந்த ஐந்து எழுத்து வந்தால் அந்தக் குடும்பம்தான். பட்டியலே போடாத சீரத்தை வாங்காதீர்கள்.

மூன்றாம் வகை பெப்டைட், பயோட்டின், பாந்தினால், விளக்கெண்ணெய். இவை இமைமுடியைப் பூசி மென்மையாக்கும், உடைவதைக் கொஞ்சம் குறைக்கலாம், பளபளப்பில் அடர்த்தியாகத் தெரியலாம். புதிதாக வளர்க்கும் என்பதற்கு முதல் வகைக்கு இருப்பது போல வலுவான சோதனைச் சான்று இல்லை. விளக்கெண்ணெய்க்குப் பாட்டி சொன்ன சான்று மட்டும்தான். இரவில் தடவினால் கண்ணுக்குள் வழிந்து காலையில் மங்கலாகத் தெரியும். முடி கறுப்பாகத் தெரிவதை வளர்ந்ததாக எடுத்துக்கொள்கிறோம்.

மருந்து வகையை எடுத்துக்கொள்வதானால்

முதல் படி மருத்துவர். இமைமுடி ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டும். தைராய்டு, புழுவெட்டு, இமை விளிம்பு அழற்சி, இவற்றில் ஏதாவது இருந்தால் சீரம் அதை மறைக்கும், தீர்க்காது. கர்ப்பிணி, பால் கொடுப்பவர், கண்ணில் ஏற்கெனவே அழற்சி உள்ளவர் இதை மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து போடுபவரும் முதலில் சொல்லிவிட வேண்டும், இரண்டும் ஒன்றின் வேலையில் ஒன்று குறுக்கிடும்.

பூசும் முறை இது. இரவு மேக்கப்பை எடுத்து முகம் கழுவித் துடைத்து, லென்ஸையும் கழற்றிவிடுங்கள். புது அப்ளிகேட்டரில் ஒரே ஒரு சொட்டு. மேல் இமையில், ஐலைனர் போடும் அந்தக் கோட்டில், முடி முளைக்கும் வேரின் மேல் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் ஒரு முறை இழுங்கள். வழிவதை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். அடுத்த கண்ணுக்கு வேறு அப்ளிகேட்டர், வேறு சொட்டு. கீழ் இமையில் பூச வேண்டாம், இமை மூடித் திறக்கும்போது தானே போய்ச் சேரும். அதிகம் பூசினால் அதிகம் வளராது, கன்னத்தில் வழிந்த இடத்தில் முடி முளைக்கும், அவ்வளவுதான். காலையில் லென்ஸ் போடலாம். எப்படியும் பூசி 15 நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும்.

தொடங்கும் நாளில், 8ஆம் வாரத்தில், 16ஆம் வாரத்தில் அதே ஜன்னல் பக்கத்து வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடியில் பார்த்தால் எதுவும் புலப்படாது. 16 வாரத்தில் மாற்றமில்லை என்றால் தொடர்வதில் பொருளில்லை.

பக்கவிளைவில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. வெளிநாட்டு எச்சரிக்கைகளில் கண்ணின் நிறம் மாறுவதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். அது மாறினால் நிரந்தரம், ஆனால் நம் அடர்பழுப்புக் கண்ணில் பெரும்பாலும் வெளியே தெரியாது. தெரிவது இமைத்தோல் கறுப்பதுதான். ஏற்கெனவே கருவளையத்தோடு மல்லுக்கட்டுபவருக்கு இது மேலும் ஒரு வளையம். நிறுத்தினால் பொதுவாகக் குறையும். நீண்ட நாள் பூசினால் மேல் இமைக்குப் பின்னால் உள்ள கொழுப்பு கரைந்து கண் குழிவிழுந்தாற்போல் ஆகலாம். அதையும் படத்தில்தான் கண்டுபிடிக்க முடியும், அதனால் முகம் முழுவதும் வருவதுபோல் எடுங்கள்.

கண் சிவந்தால், குற்றவாளி யார்?

ஒரு உதாரணத்தை நடத்திப் பார்ப்போம். அல்சூரில் இருக்கும் ஒருவர் ஜூன் 5 அன்று மஸ்காரா திறக்கிறார். ஜூலை 1 முதல் ஆன்லைனில் வாங்கிய இமை சீரம், குழாய்க்குள்ளேயே பிரஷ் உள்ளது. ஆகஸ்ட் 10 காலை இடது மேல் இமையில் சிவந்த கட்டி, தொட்டால் வலி, விளிம்பில் பீளை, இமை ஒட்டியிருக்கிறது. வலது கண்ணில் எதுவும் இல்லை.

சீரத்தின் எரிச்சல் என்றால் பெரும்பாலும் பூசிய இரண்டு கண்ணிலும், தொடங்கிய முதல் சில வாரத்திலேயே, வலியைவிட அரிப்பாக வரும். பீளை அதிகம் இருக்காது. மஸ்காரா ஒவ்வாமையும் இரு பக்கமும் அரிக்கும், இமைத்தோல் உரியும். இவருக்கு ஒரு பக்கம் மட்டும் வலியோடு கட்டி. இது கண்கட்டி, இமை விளிம்புச் சுரப்பியில் கிருமி புகுந்தது.

அன்றே செய்ய வேண்டியது: இரண்டு கண்ணிலும் மேக்கப், சீரம், லென்ஸ் மூன்றும் நிறுத்தம். செப்டம்பர் 5 வரை தேதி இருந்தாலும் மஸ்காரா குப்பைக்கு. அந்தச் சீரமும் குப்பைக்கு, அதன் பிரஷும் தினமும் இமையிலிருந்து திரும்பியதுதானே. அந்த வாரம் கண்ணோரம் தொட்ட கண்மை, ஐலைனர் பென்சிலும் கூடவே போகட்டும். சீரம் விலை அதிகம் என்று மனசு தடுக்கும். அதை வைத்துக்கொண்டால் கட்டி ஆறியதும் அதே கிருமியை மறுபடி பூசிக்கொள்ளலாம்.

பிறகு சுத்தமான துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமை மேல் 10 நிமிடம். ஆறினால் மறுபடி நனையுங்கள். நாளுக்கு நான்கு முறை. துணியை ஒவ்வொரு நாளும் துவைக்க வேண்டும், தலையணை உறையை மாற்ற வேண்டும். கட்டியைப் பிதுக்கக் கூடாது, அதன் முனையில் இருக்கும் முடியைப் பிடுங்கவும் கூடாது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே உடைந்து வடியும். இரண்டு நாளில் குறைவதற்குப் பதில் இமை முழுக்க வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண்ணை அசைத்தால் வலித்தாலோ, பார்வை மாறினாலோ மருத்துவரிடம். அவர் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் சிவப்பு போனதும் நிறுத்திவிடாமல் சொன்ன நாள் வரை போடுங்கள்.

ஆகஸ்ட் 18 அன்று வலி, வீக்கம், பீளை மூன்றும் போயிருந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டுப் புது மஸ்காரா, டேப்பில் புதுத் தேதி. இரவில் அதை எடுக்கும்போது ரிமூவர் நனைத்த பஞ்சை மூடிய இமை மேல் 30 விநாடி வைத்திருந்து, பிறகு கீழ்நோக்கி ஒரு இழுப்பு. தேய்க்க வேண்டாம். இரண்டு வாரம் மஸ்காராவை மட்டும் போட்டுப் பாருங்கள். கண் அமைதியாக இருந்தால், அதன்பிறகுதான் சீரத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால், அடுத்த முறை சிவக்கும்போது எதை எறிவது என்றே தெரியாது.